ஏன் என்று கேட்காத சீட்டு

"நீ எழுதினா தாசில்தாருகூட பதில் போடுவாரு. ஒரு சிநேகிதி பதில் போடுவாளான்றதுதான் எனக்கு டவுட்டு."

எங்கள் ஊர்ப் பக்கம் ஜீப் ஓட்டும் அண்ணன், நான் நீட்டிய சீட்டை வாங்கி, தலைக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பில் செருகிக்கொண்டே சொன்னார். போன மாசி மாதம், ஜவ்வாது மலையில், புதூர்நாட்டைத் தாண்டி ஜீப் நிற்கிற இடத்தில் நடந்தது இது. புளி உலுக்கும் காலம். ஜீப்பின் தலையில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் போடுவா. நீங்க ஒழுங்கா கொண்டு போய்க் குடுங்கண்ணா" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் இல்லை. நான் மலையிலேயே உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, பிறகு திருப்பத்தூரில் இறங்கி டிகிரி முடித்தேன். இப்போது மலையில் எங்கே அரசாங்க முகாம் நடந்தாலும் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். நான் எழுதிய மனு திரும்பி வந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆறாம் வகுப்பு படிக்கும்போதே அப்பாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தேன். அதுவரை அவர் எங்கே போனாலும் கட்டைவிரலை நீட்டுவார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அந்த விரலைப் பிடித்து, அது ஏதோ ஒரு சாமான் மாதிரி மையில் தோய்த்து அழுத்துவார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஸ்டாம்ப் பேடின் மேலேயே ஒரு வெறுப்பு வந்துவிட்டது. அதனால் அப்போதெல்லாம் என் மேசையில் அதை வைக்கமாட்டேன். பைக்குள் வைத்திருப்பேன். பள்ளிக்கூடமே போகாத பெரியவர்களுக்கு மட்டும் எடுப்பேன். நாலு எழுத்து படித்தவர்கள் யாராவது ரேகை வைக்கிறேன் என்றால் விடமாட்டேன். உட்கார வைத்து, பேனாவைக் கையில் திணித்து, கையெழுத்துப் போட வைத்துத்தான் அனுப்புவேன். அதை ஒரு சேவை என்றே நினைத்திருந்தேன்.

நான் அந்தச் சீட்டை எழுதுவதற்குச் சில நாள் முன்னால் நடந்த ஒரு முகாமுக்கு அந்தச் சிநேகிதி வந்தாள். நானும் அவளும் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரே போர்வைக்குள் தூங்கியவர்கள். மலைக் குளிருக்கு ஆளுக்கு ஒரு போர்வை போதாது என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்வோம். வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவளுடையதுதான். கரும்பலகையில் தேதி எழுதுவது எப்போதும் அவள் வேலை. பத்தாவது முடித்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி, ஜீப்பில் ஒரு மணி நேரம் போகிற இன்னொரு ஊரில் இருக்கிறாள். மலையில் வேலை இல்லாத மாதங்களில் புருஷனும் அவளும் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விட்டு வருவார்கள். இந்தத் தடவை போய்வந்த பிறகு அன்றுதான் அவளைப் பார்க்கிறேன். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று மனு எழுத வந்திருந்தாள். குளிருக்கு ஒரு துண்டைத் தோளோடு போர்த்தியிருந்தாள்.

"இன்னாடி, ஆளே மாறிட்ட. ஆபீசரம்மா கணக்கா கீற" என்று சிரித்தாள்.

"உக்காரு. ஒனக்குத்தான் மொதல் மரியாத" என்றேன்.

பேசிக்கொண்டே மனுவை எழுதி முடித்து, பேனாவை அவள் பக்கம் தள்ளினேன். அவள் பேனாவை எடுக்கவில்லை. "ரேகை வெச்சிட்றேன்" என்றாள். நான் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். வரிசையில் அவளுக்குப் பின்னால் இருபது பேராவது நின்றிருப்பார்கள். பக்கத்து மேசையில் இன்னொருவர் வைத்திருந்த ஸ்டாம்ப் பேடை அவளே இடது கையால் இழுத்து, கட்டைவிரலை அதில் வைக்கப் போனாள். ரேகை என்றால் இடது கைப் பெருவிரல்தான் வைப்பார்கள். அதனால் அவளுடைய வலது கை எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஸ்டாம்ப் பேடை வெடுக்கென்று பிடுங்கினேன்.

"பத்தாவது வரைக்கும் படிச்சிட்டு கைநாட்டு வெக்கிறியே, வெக்கமா இல்ல? அப்ப இன்னாத்துக்குடி பள்ளிக்கூடம் வந்த, சோத்துக்கா?"

வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொன்னது என்ன என்று எனக்கே தெரிந்துவிட்டது. அது வாயில் வந்த ஏதோ ஒரு வசவு இல்லை. ஏழாம் வகுப்பில் ஒருநாள், போர்வைக்குள்ளே, அவள் என்னிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. வீட்டில் ஒருவேளைக் கஞ்சிக்கே வழியில்லாததால்தான் அவள் அம்மா அவளைப் பள்ளியில் விட்டாள் என்று. யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அவள் கத்தவில்லை. எழுந்து துண்டைச் சரி செய்தாள்.

"ஆமா, சோத்துக்குத்தான் வந்தேன். ஒனக்கும் சேத்துதான் தட்டு கழுவுனேன்" என்றாள்.

அவ்வளவுதான். போய்விட்டாள். மனு என் மேசையிலேயே கிடந்தது.

அவளுக்குத் தனியாகப் போன் கிடையாது. அவள் புருஷனிடம் இருக்கிறது. அவர்கள் ஊரில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும். மறுநாள் அவர் எடுத்தபோது, "அவ பேச மாட்டேங்கறாம்மா. நான் இன்னா பண்றது" என்றார். அந்தப் பக்கத்து ஊர்களுக்கு நாங்கள் எதைச் சொல்ல வேண்டும் என்றாலும் ஒரு சீட்டு எழுதி ஜீப்பில் கொடுத்து விடுவது வழக்கம். உறை எல்லாம் கிடையாது. நாலாக மடித்து, மேலே பெயர் எழுதினால் போய்ச் சேர்ந்துவிடும். அப்படி நான் எழுதிக் கொடுத்ததுதான், அண்ணன் வெயில் மறைப்பில் செருகிய அந்த முதல் சீட்டு.

நாலு நாள் பதில் இல்லை. ஜீப் சத்தம் கேட்டால் வெளியே வருவதும், யாரும் ஒன்றும் தராமல் உள்ளே போவதுமாக இருந்தேன். என் மனுவுக்குப் பதில் வராமல் இருந்ததே இல்லையே என்று உள்ளுக்குள் ஒரு கோபம்கூட வந்தது. ஐந்தாம் நாள் காலையில் அண்ணன் ஜீப்பை நிறுத்தித் தலையைச் சொறிந்தார்.

"கோச்சிக்காதம்மா. எறக்க மறந்துட்டேன். நாலு நாளா என்கூடவே மேலயும் கீழயும் சுத்திக்கினு இருந்துச்சு" என்று அதே சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கையில் வாங்கும்போது எரிச்சல்தான். வீட்டுக்கு வந்து, அண்ணி சாமை புடைத்துக்கொண்டிருந்த இடத்தில் உட்கார்ந்தேன். அண்ணிக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். வாய் அதிகம். "இன்னா எழுதின, படி. நானும் கேக்கறேன்" என்றாள். நானும் கொஞ்சம் பெருமையாகவே படித்தேன். பாதிக்கு மேல் போவதற்குள் அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது யாரு மேல மனு?"

அவள் கேலிக்குத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே மறுபடி புடைக்கப் போய்விட்டாள். எனக்கு முகத்தில் யாரோ தண்ணீர் ஊற்றியது மாதிரி இருந்தது. காகிதத்தை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை என் சிநேகிதியாக இருந்து படித்தேன்.

"அன்று முகாமில் நடந்தது தொடர்பாக" என்று தொடங்கியிருந்தேன். அதற்குக் கீழே வரிசையாக எண் போட்டிருந்தேன். ஒன்று, நான் உன் நன்மைக்காகத்தான் சொன்னேன். இரண்டு, வரிசையில் நிறைய பேர் இருந்ததால் எனக்கு அவசரம். மூன்று, உன் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கும், அதை விட்டுவிட்டு நீ ரேகை வைக்க வந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. நான்கு, நீ காரணத்தைச் சொல்லியிருந்தால் நான் அப்படிப் பேசியிருக்கவே மாட்டேன். ஐந்து, நான் பேசியது உன் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள். கடைசியில், விரைவில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே முழுப் பெயரும் கையெழுத்தும்.

மன்னிப்பு என்ற சொல் அதில் ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தது. அதையும் "இருந்தால்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். மற்ற எல்லா வரியும் எனக்காக நானே வாதாடியது. அவள் ரேகை வைக்க வந்தாள், அதனால் நான் கோபப்பட்டேன். அவள் சொல்லவில்லை, அதனால் நான் பேசினேன். என் சொந்த எழுத்தில், என் தோழியைக் கூண்டில் நிறுத்தியிருந்தேன். இது மட்டும் அவள் கைக்குப் போயிருந்தால்? ஜீப் அண்ணனுடைய மறதிதான் என்னைக் காப்பாற்றியிருந்தது.

அன்று மத்தியானம் முழுக்க, வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். எத்தனை காகிதம் கிழித்தேன் என்று தெரியாது. முதலில் எண்களை எடுத்தேன். பிறகு ஒவ்வொரு வரியாக எடுத்து, இது அவளுக்கா, எனக்கா என்று கேட்டுப் பார்த்தேன். "நன்மைக்காக" எனக்கு. அடித்தேன். "அவசரம்" எனக்கு. அடித்தேன். கையெழுத்தைப் பற்றிய வரியை அடிக்க மனம் வரவில்லை. புகழ்ச்சிதானே என்று தோன்றியது. ஆனால் அந்தப் புகழ்ச்சியை எடுத்து அவளையே அடித்திருந்தேன். அதையும் அடித்தேன்.

"நீ காரணம் சொல்லியிருந்தால்" என்ற வரியில்தான் வெகுநேரம் நின்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு அழகாக எழுதுகிறவள் ஏன் ரேகை வைக்க வேண்டும்? "சரி, இப்போதாவது சொல்" என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். படித்தால் விசாரணை மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்டால், அவள் சொல்கிற காரணம் எனக்குச் சரியாகப் பட்டால்தான் என் தப்பு தப்பாகும் என்று ஆகிவிடாதா? அவள் காரணமே இல்லாமல் வைத்திருந்தாலும் நான் பேசியது தப்புதானே? அந்த வரியை அடித்தேன். அடித்த பிறகும் தெரியக் கூடாது என்று இன்னும் இரண்டு தடவை அடித்தேன். பிறகு அந்தக் காகிதத்தையே கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றும் உறைத்தது. நான் அவளை அவமானப்படுத்தியது இருபது பேர் முன்னால். அதைத் தனியாக ஒரு சீட்டில் துடைத்துவிட முடியாது. அன்று வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் சந்தைக்கு வருகிறவர்கள்தான். அடுத்து வந்த சந்தையில் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். அவள் விஷயத்தைத் தொடவில்லை. தொட்டால் மறுபடியும் அதையே பரப்பியதாக ஆகும். "அன்னிக்கு நான் பேசினது தப்புங்க. அவகிட்ட ஒரு தப்பும் இல்ல" என்று மட்டும் சொன்னேன். ஒரு அக்கா முகத்துக்கு நேராக, "படிச்ச பொண்ணுதானே, அன்னிக்கே தெரியலையா?" என்றாள். பதில் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். பதில் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதைச் செய்து முடித்த பிறகுதான் சீட்டை எழுதி முடித்தேன். செய்யப் போகிறேன் என்று எழுதாமல், செய்துவிட்டேன் என்று எழுதலாம் அல்லவா.

மனுத் தமிழை விட்டுவிட்டு நாங்கள் பேசுகிற மாதிரியே எழுதினேன். ஜீப்பில் யாராவது பிரித்துப் பார்த்தாலும் அவளுக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று, 'சோத்துக்கா' என்ற அந்த வார்த்தையைத் திரும்ப எழுதவில்லை. கடைசியில் போன சீட்டு இதுதான்:

"நீ எனக்கு மட்டும் சொன்ன ஒண்ண நான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். சத்தியம் பண்ணிக் குடுத்தது நானு, உடைச்சதும் நானு. உன் கையில இருந்து ஸ்டாம்ப் பேட புடுங்குனதும் தப்பு. அன்னிக்கு அங்க இருந்தவங்கள்ல நான் பாத்த எல்லார்கிட்டயும், தப்பு என் மேலதான்னு சொல்லிட்டேன். நீ எனக்கும் சேத்து தட்டு கழுவுனது நெஜம். அஞ்சு வருசம் கழுவுன. அத நான் ஒருநாளும் சொன்னதில்ல. இப்ப சொல்றேன். உன் மனுவும் ஸ்டாம்ப் பேடும் இதோட அனுப்பறேன். ரேகை வெச்சாலே செல்லும். பக்கத்துல சாட்சின்னு ஒருத்தர் கையெழுத்து போடணும். யார் வேணும்னாலும் போடலாம், நான்தான் வரணும்னு இல்ல. பாப்பாவுக்கு சான்றிதழ் வர்றதுக்கு நம்ம சண்டை குறுக்க நிக்கக் கூடாது. நீ பதில் போடணும்னு இல்ல."

"மன்னித்துவிடு" என்று எழுதலாமா என்று யோசித்தேன். அது அவளிடம் ஒன்றைக் கேட்பது. அவளிடம் எதையும் கேட்கிற நிலையில் நான் இல்லை. அதனால் விட்டுவிட்டேன். கீழே முழுப் பெயர் போடவில்லை. பள்ளியில் அவள் என்னைக் கூப்பிடும் பட்டப் பெயரைப் போட்டேன்.

"மறுபடியுமா?" என்றார் ஜீப் அண்ணன்.

"மறந்துடாதீங்கண்ணா."

"இந்த வாட்டி மடியிலயே வெச்சிக்கினு போறேன், போதுமா? கூடவே இன்னாத்துக்கு ஸ்டாம்ப் பேடு? ஊரையே எழுதி வாங்கப் போறியா?"

சிரிக்கத் தோன்றவில்லை. பதில் வேண்டாம் என்று எழுதியது நான்தான். ஆனாலும் அடுத்த மூன்று நாளும் என் காது ரோட்டிலேயே இருந்தது. பதில் வராமல் போனாலும் போகலாம் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னைத் தெரிந்தவள் என்று எனக்கு வேறு யாரும் இல்லை. அவள் போய்விட்டால் அந்தப் பள்ளிக்கூட வருஷங்களே என்னிடமிருந்து போய்விட்ட மாதிரிதான்.

நாலாம் நாள் அண்ணன் இறங்கி வந்து கொடுத்தார். நான் அனுப்பிய அதே சீட்டு. பின்பக்கத்தில் எழுதியிருந்தது. பிரித்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, சிலது பெரிதாக, சிலது நசுங்கி, ஒரு வரி மேலே ஏறி இன்னொரு வரி கீழே இறங்கி இருந்தது. அவள் மகள் கிறுக்கியிருக்கிறாள் என்றே நினைத்தேன். பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"இன்னும் ரேகை வெக்கல. சாட்சி நீ. வா."

"யாருண்ணா எழுதினது இத?"

"அந்தப் பொண்ணுதான். என் எதிருக்கதான் பானெட் மேல வெச்சி எழுதுச்சு. எடது கையில." அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அதோட கைய நீ பாக்கல? நானும் துண்டப் போத்திக்கினு வருதே, குளிருக்குன்னு நெனச்சேன்."

அதே ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.  அவள் கைக்கு என்ன என்று அண்ணனிடம் நான் கேட்கவில்லை.

அவள் வீட்டு வாசலில், புளியம்பழ ஓட்டைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். இடது கையில் சின்னச் சுத்தி. பழத்தைப் பிடித்திருந்த வலது கையில் துண்டு இல்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு முடிந்துபோயிருந்தன. தையல் போட்ட இடம் இன்னும் செக்கச்செவேல் என்று இருந்தது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கண்ணுக்கு முன்னால் கரும்பலகையும் அவள் எழுதும் தேதியும் வந்து போயின. அந்தக் கைக்கு முன்னால்தான் நான் பேனாவைத் தள்ளினேன். அந்தக் கையை மறைத்துக்கொண்டு வந்தவளைத்தான் வெட்கமில்லையா என்று கேட்டேன்.

"காப்பிக்கொட்ட தோலு உரிக்கிற மெஷினு" என்றாள், ஊர்ச் செய்தி சொல்வது மாதிரி. "மார்கழியில. அம்மாவுக்கே போன வாரம்தான் தெரியும். வா, உக்காரு. இன்னா அப்படியே நின்னுட்ட?"

 அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டைப் பொறுக்க ஆரம்பித்தேன். சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. என் அழுகையைத் தேற்றுகிற வேலையையும் அவள் தலையில் கட்டக் கூடாது.

ஓட்டைத் தட்டிக்கொண்டே அவள் சொன்னாள். "சீட்டு வந்ததும் படிக்க வேணாம்னுதான் இருந்தேன். அப்புறம் படிச்சேன். ரெண்டு வாட்டி படிச்சேன். எங்கனா 'ஏன் கைநாட்டு வெக்க வந்த'ன்னு கேட்டு இருப்பியான்னு தேடுனேன். நீ கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்டி."

அந்த வார்த்தையைக் கேட்டபோது, கையைப் பார்த்ததைவிட அதிகமாக ஆடிப்போனேன். நான் கிழித்துப் போட்ட வரி அது. "நீ காரணம் சொல்லியிருந்தால்." அதற்கு மேலே, "உன் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கும்." அந்த முதல் சீட்டு போய்ச் சேர்ந்திருந்தால், விரல் போன கையில் அவள் அதைப் பிரித்திருப்பாள். அதற்குப் பிறகு நான் எத்தனை சீட்டு அனுப்பியிருந்தாலும் அவள் பிரித்திருக்க மாட்டாள். ஒரு மனிதர் ஒரு காகிதத்தை இறக்க மறந்தார், அண்ணி ஒரு கேலி பேசினாள். நான் தப்பித்தது அவ்வளவில்தான்.

முதல் சீட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். எண் போட்டதைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நகல் கலெக்டருக்கும் போட்டியா?"

பிறகு மனுவை எடுத்து வந்தாள். ஸ்டாம்ப் பேடை நான்தான் திறந்து பிடித்தேன். அவள் இடது கட்டைவிரலை மையில் மெதுவாக வைத்து, காகிதத்தில் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு உருட்டி எடுத்தாள். அழுத்தினால் கோடுகள் சேர்ந்து வெறும் கறையாகிவிடும். அவள் வைத்ததில் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக, சுழித்துச் சுழித்து, தெளிவாக விழுந்திருந்தது. அதற்குக் கீழே அவள் பெயரை எழுதி, இடது கைப் பெருவிரல் ரேகை என்று குறித்து, சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். எத்தனையோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த ஒன்றைத்தான் எழுத்து எழுத்தாக, நிதானமாகப் போட்டேன்.

மகளுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. நான் படித்தவள் என்பதில் எனக்கு இருக்கிற பெருமை கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் என் படிப்புக்கு வந்த கஷ்டமான பரீட்சை கல்லூரியில் வரவில்லை, அந்தச் சின்னச் சீட்டில் வந்தது. அதில் நான் எழுதிய வரிகளைவிட எழுதாமல் விட்ட ஒரு வரிதான் அவளை எனக்குத் திருப்பிக் கொடுத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் திடுக்கிடுகிறேன். இப்போது முகாமுக்குப் போனால் ஸ்டாம்ப் பேடையும் பேனாவையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். யார் எதை எடுத்தாலும் வாயைத் திறப்பதில்லை.

போன வாரம் ஜீப் அண்ணன் ஒரு சீட்டு கொண்டு வந்தார். இடது கை எழுத்து முன்னைவிட நிமிர்ந்திருந்தது. "எனக்கு ஒரு ரெட்டக் கோடு நோட்டு வேணும். பாப்பாவோடத கேட்டா தர மாட்டேங்குறா" என்று எழுதியிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. திருப்பத்தூருக்கு இறங்கி நோட்டு வாங்கி வந்து, நேற்றுக் காலை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அட்டையில் பெயர் எழுதுகிற கோட்டை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.